“டெலிவரி தாமதத்துக்கு வருந்துகிறோம்”: தீபாவளி மதியம் பிரியாணிக் கடையில் நடப்பது என்ன?

தீபாவளிக்கு மறுநாள் வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துச் சின்ன பிரியாணிக் கடைகள் போடும் மன்னிப்பு அறிவிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“அன்பான வாடிக்கையாளர்களே! நேற்று பண்டிகைக் கூட்டம், போக்குவரத்து நெரிசல், டெலிவரி ஆட்கள் பற்றாக்குறை ஆகிய காரணங்களால் சில ஆர்டர்கள் தாமதமாகிவிட்டன. சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் ஆதரவு என்றும் வேண்டும்.”

1:40-க்கு ஆர்டர் போட்டு நாலு மணிக்குச் சாப்பிட்டவருக்கு இதைப் படித்தால் கோபம்தான் கூடும். முக்கால் மணி நேரம் என்று காட்டிய ஆர்டர் எப்படி இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது? பணம் வாங்கும்போது கடைக்குத் தெரியாதா? அறிவிப்பில் இதற்குப் பதில் இல்லை. பதில் ரோட்டிலும் இல்லை, பெரும்பாலும் அண்டாவில்தான் இருக்கிறது.

## பிரியாணி ஏன் மற்றச் சாப்பாடு போல இல்லை

தோசைக் கடையில் கூட்டம் கூடினால் கல்லில் இன்னும் இரண்டு தோசை ஊற்றலாம். ஆர்டர் வந்த பிறகு வேலையைத் தொடங்கினாலும் சமாளிக்க முடியும். தம் பிரியாணி அப்படி இல்லை. அது அண்டா அண்டாவாகத்தான் வரும். ஒரு அண்டா தீர்ந்தால், அடுத்த அண்டாவின் தம் உடைக்கும் வரை கடையில் கொடுக்க ஒரு பிடி சோறுகூட இருக்காது.

பத்துக் கிலோ அரிசி, பத்துக் கிலோ ஆட்டுக்கறி போடும் ஒரு அண்டாவுக்கு நேரம் ஏறக்குறைய இப்படிப் போகும்:

1. எண்ணெய் காய்ந்து, பட்டை, கிராம்பு, ஏலக்காய் பொரிந்து, வெங்காயம் சிவந்து, இஞ்சி பூண்டு விழுதின் பச்சை வாசனை போகும் வரை: 30 நிமிடம். வெங்காயத்தின் அளவு கூடக் கூட அதிலிருந்து விடும் தண்ணீர் வற்றவே நேரம் பிடிக்கும்.
2. தக்காளி, தயிர், மிளகாய்த்தூளோடு கறி வேக: 55 நிமிடம். முற்றிய ஆடாக இருந்தால் இன்னும் கூடும்.
3. பக்கத்து அடுப்பில் முக்கால் பதம் வெந்த அரிசியை வடித்து மசாலாவில் சேர்த்துச் சமன்செய்ய: 10 நிமிடம்.
4. மூடி போட்டு, மேலே கங்கு பரப்பி, அடியில் தணலாக வைத்து தம்: 25 நிமிடம்.
5. இறக்கி வைத்து சோறு அடங்க: 15 நிமிடம்.

மொத்தம் 2 மணி 15 நிமிடம். இதில் எதையும் அவசரத்துக்குச் சுருக்க முடியாது. கறி வேகும்போது தீயை ஏற்றினால் தண்ணீர் முதலில் வற்றும், கறி ரப்பராக நிற்கும். தம்மில் தீயை ஏற்றினால் அடி பிடிக்கும். அந்தத் தீய்ந்த வாசனை அடிச்சோற்றோடு நிற்காது, ஆவியோடு மேலே ஏறி அண்டா முழுக்கப் பரவும். சோறு அடங்கும் முன்பே கிளறினால் மேல்சோறு உடைந்து குழையும். மூடியைத் திறந்ததும் ஓரத்தில் தட்டை இறக்கி, சோற்றைப் பக்கவாட்டில் அணைத்து எடுக்கிறார்களே, அது அரிசி உடையாமல் இருக்கத்தான். கரண்டியால் அவசரமாகத் தோண்டும் கடையில் கடைசி இருபது பார்சல் பொங்கல் பதத்தில் போகும்.

தீபாவளி மதிய நெரிசல் பன்னிரண்டுக்குத் தொடங்கி இரண்டரைக்குள் ஓய்ந்துவிடும். ஒரு அண்டாவுக்கான நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆகவே கூட்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகு ஏற்றும் அண்டா அந்தக் கூட்டத்துக்கு உதவாது. ஒரு மணிக்கு வேண்டிய சோற்றைப் பத்தே முக்காலுக்கே முடிவு செய்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கடைக்காரர் கையில் இருப்பது முன்பதிவுக் கணக்கும் போன வருட அனுபவமும்தான்.

## பார்சல் மேசை

அண்டாவுக்கு அடுத்த இடுக்கு, பார்சல் கட்டும் மேசை. ஒரு பார்சலுக்குச் சோறு, எண்ணிப் போட்ட கறித்துண்டு, முட்டை, தயிர் வெங்காயம், கத்தரிக்காய், பண்டிகை நாளென்றால் ஒரு கரண்டி பிரெட் அல்வா. பிறகு மூடி, கவர், பில் சரிபார்ப்பு. பழகிய கைக்கே ஒன்றரை நிமிடம் ஆகும். இரண்டு பேர் நின்றால் மணிக்கு 80 பார்சல்.

அவசரத்தில் இங்கே நடக்கும் தவறு கறி எண்ணிக்கையில் தெரியும். ஒரு கிலோ கறியில் சுமார் 20 துண்டு என்று வெட்டினால் பத்துக் கிலோவுக்கு 200 துண்டு. ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பார்சல் என்றால் 80 பார்சல். சராசரியாக ஆளுக்கு இரண்டரைத் துண்டு. இரண்டு, மூன்று என்று மாற்றி மாற்றி வைத்தால் சரியாக வரும். எண்ணாமல் எல்லாவற்றிலும் மூன்று வைத்தால் 66 பார்சலோடு கறி முடிந்துவிடும், மிச்சம் வெறும் குஸ்கா. “லேட்டாக வந்தது, அதிலும் கறியே இல்லை” என்ற புகார் பெரும்பாலும் இப்படிப் பிறப்பதுதான். பிந்தி வந்த பார்சல் அண்டாவின் கடைசிப் பார்சலாகவும் இருந்திருக்கும்.

இன்னொரு சிக்கல் பக்கெட் பிரியாணி. ஒரு கிலோ பக்கெட் திரையில் ஒரே ஆர்டர்தான், ஆனால் அண்டாவில் எட்டுப் பார்சலின் சோற்றை எடுத்துக்கொண்டு போய்விடும். ஆர்டரை எண்ணி “இன்னும் முப்பதுதானே” என்று நினைக்கும் கடை, பார்சலை எண்ணினால் அறுபது எழுபதில் நிற்கும்.

## ஒரு மதியத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எளிமைக்காக ஒரு ஆர்டருக்கு ஒரு பார்சல் என்று வைத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டையில் ஒரு கடை. 80 பார்சல் தரும் அண்டா இரண்டு: முதலாவது 11:30-க்குத் தயார், அடுத்தது 1:00 மணிக்கு. மேசையில் இரண்டு பேர், அரை மணிக்கு 40 பார்சல். ஞாயிற்றுக்கிழமைகளில் இது தாராளமாகப் போதும். தீபாவளி அன்று ஆர்டர் இப்படி வருகிறது:

- 11:30 முதல் 12:00 வரை 20
- 12:00 முதல் 12:30 வரை 40
- 12:30 முதல் 1:00 வரை 60
- 1:00 முதல் 1:30 வரை 60
- 1:30 முதல் 2:00 வரை 40
- 2:00 முதல் 2:30 வரை 20

12:30 வரை ஒரு பிசகும் இல்லை. 60 ஆர்டர், 60 பார்சல். கடையில் எல்லோரும் “இன்றைக்கு நல்லா போகுது” என்று இருக்கும் நேரம் அது.

12:45-க்கு முதல் அண்டா காலி. அதுவரை வந்த ஆர்டர் 90, கட்டியது 80. இரண்டாவது அண்டாவின் தம் உடைக்க இன்னும் கால் மணி இருக்கிறது. அந்தக் கால் மணியில் மேசை சும்மா நிற்க, மேலும் 30 ஆர்டர் சேர்கிறது. ஒரு மணிக்கு 40 பேர் காத்திருக்கிறார்கள்.

1:30-க்குக் காத்திருப்போர் 60. இரண்டு மணிக்கும் 60. ஆனால் இரண்டு மணிக்கு இரண்டாவது அண்டாவும் தீர்ந்துவிட்டது. முதல் அண்டா தீர்ந்த 12:45-க்கே சுதாரித்து மூன்றாவதை ஏற்றியிருந்தாலும் அது மூன்று மணிக்குத்தான் இறங்கும். இடையில் இன்னும் 20 ஆர்டர். மூன்று மணிக்கு 80 பேர் வரிசையில் நிற்கிறார்கள். கடைசிப் பார்சல் கட்டி முடிக்க நாலு மணி.

இதில் 1:40-க்கு ஆர்டர் போட்டவர் எங்கே நிற்கிறார்? அன்றைய ஆர்டரில் அவர் 193-வது ஆள். முதல் இரண்டு அண்டாவும் 160 பேரோடு முடிந்துவிட்டதால், மூன்றாவது அண்டாவில் 33-வது. அவருடைய பார்சல் 3:25-க்குத்தான் கட்டப்படும். வண்டி அரை மணி எடுத்தால் வீட்டுக்கு வர நாலாகிவிடும். அவர் பணம் கட்டிய நிமிடத்தில் அவருக்கான அரிசி இன்னும் உலையில்கூடப் போடப்படவில்லை. டெலிவரிப் பையன் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் இதில் மாறப்போவது ஒன்றுமில்லை.

## கூட ஆள் போட்டிருந்தால்?

மேசையில் மூன்றாவது ஆளை நிறுத்தினால் பார்சல் வேகமாகக் கட்டும், அண்டாவும் வேகமாகத் தீரும். சோறு இல்லாத இடைவெளி குறையாது, நீளும். ஆகவே ஆள் பலத்தைக் கூட்டும் முன் சோற்றைக் கூட்ட வேண்டும்.

முதல் அண்டா இறங்கி அடுப்பு காலியாகும் 11:30-க்கே மூன்றாவதை ஏற்றியிருந்தால் அது 1:45-க்குத் தயார். இரண்டு மணிக்கு இரண்டாவது தீரும்போது கை நிற்காது. நம் 193-வது ஆளின் பார்சல் 2:25-க்குக் கட்டப்பட்டிருக்கும், கடைசிப் பார்சல் மூன்று மணிக்கு.

அப்படியானால் ஏன் ஏற்றுவதில்லை? பயம்தான். கூட்டம் வராவிட்டால் பத்துக் கிலோ கறி மிஞ்சும். சின்னக் கடைக்கு அது அன்றைய லாபத்தையே விழுங்கிவிடும். இந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஐந்து கிலோ அண்டாவாக ஏற்றுவது நடுவழி. கறியும் வெங்காயமும் பாதி என்பதால் நேரமும் கொஞ்சம் குறையும், மிஞ்சினாலும் தாங்கலாம்.

## ஆர்டரை மூட வேண்டிய நிமிடம்

சோற்றைக் கூட்ட முடியாவிட்டாலும் கடை கையில் ஒன்று இருந்தது: ஆர்டரை நிறுத்துவது. இரண்டு அண்டாவும் சேர்ந்து 160 பார்சல். மேலே உள்ள கணக்கில் 160-வது ஆர்டர் வருவது 1:20-க்கு. அந்த நிமிடமே மூடியிருந்தால் அந்தக் கடைசி ஆளுக்கும் இரண்டு மணிக்குப் பார்சல் தயாராகியிருக்கும். அதற்குப் பிறகு வந்த 80 பேர், “தீர்ந்துவிட்டது” என்ற பதிலைப் பார்த்ததும் வேறு கடைக்கோ வீட்டு அடுப்புக்கோ போயிருப்பார்கள். பசியோடு இரண்டு மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க மாட்டார்கள்.

இது நடக்காமல் போவதற்குக் காரணம், எல்லா ஆர்டரையும் சேர்த்து எண்ணும் ஒரே எண் கடையில் இல்லாததே. இரண்டு ஆப், வாட்ஸ்அப், போன், கல்லாவுக்கு நேரே வந்து நிற்பவர்கள் என்று ஐந்து வாசல். ஆப்பில் “இருப்பு இல்லை” என்று அணைத்தாலும் போனில் முதலாளியே தெரிந்தவருக்கு “அனுப்பிடறேண்ணா” என்று சொல்லிக்கொண்டிருப்பார். மருந்து சிக்கலானது இல்லை. மேசைக்கு மேல் ஒரு பலகை. அண்டா இறங்கியதும் அதில் 80 என்று எழுதி, எந்த வாசலில் ஆர்டர் வந்தாலும் பார்சல் கணக்கில் கழித்துக்கொண்டே வர வேண்டும். பக்கெட்டுக்கு எட்டு. அடுத்த அண்டாவின் எண்ணும் பூஜ்யத்தைத் தொட்டால் ஐந்து வாசலும் மூடும்.

இதோடு இன்னொரு பழக்கமும் சேர்கிறது. வண்டி சீக்கிரம் வரட்டும் என்று, சோறு இறங்கும் முன்பே சில கடைகள் ஆப்பில் “உணவு தயார்” பொத்தானை அழுத்திவிடும். ஆள் வந்து கடை வாசலில் முக்கால் மணி நிற்பார். அந்த நேரத்துக்கு அவருக்குக் கிடைப்பது சொற்பம். அடுத்த முறை அந்தக் கடையின் ஆர்டரைத் தட்டிக் கழிக்கப் பார்ப்பார். “ஆட்கள் பற்றாக்குறை” என்று அறிவிப்பில் வருவதில் ஒரு பங்கு இப்படிக் கடையே வரவழைத்துக்கொண்டது.

## ரோடா, அடுப்பா: எப்படிக் கண்டுபிடிப்பது

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் துணிக்கடைக் கூட்டம் தீபாவளிக்கு முந்தைய நாட்களில்தான் திணறடிக்கும். தீபாவளி அன்று மதியம் வீதிகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். ஆகவே அன்றைய மதியத் தாமதத்துக்கு “நெரிசல்” என்று எழுதினால் நம்புவது கடினம். ரோடு உண்மையாகவே காரணமாகும் சூழலும் உண்டு. பேசின் பிரிட்ஜிலிருந்து கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாக வடக்கே போகும் ரயில் பாதை இந்தப் பகுதியை இரண்டாகப் பிரிக்கிறது. தண்டையார்பேட்டைக் கடையிலிருந்து வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் போக வேண்டுமானால் கேட்டிலோ பாலத்திலோ சுரங்கப்பாதையிலோ பாதையைக் கடந்தாக வேண்டும். வரைபடத்தில் மூன்று கிலோமீட்டர் என்று காட்டும் வீடு வண்டிக்கு ஐந்தாகிவிடும். தீபாவளி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால், மழை பிடித்துச் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால் சுற்று இன்னும் கூடும்.

எங்கே தாமதம் என்பதைப் பார்சலே சொல்லும்:

1. பிந்தி வந்தது, ஆனால் ஆவி பறக்கிறது. பார்சல் கட்டியே கொஞ்ச நேரம்தான் ஆகிறது. தாமதம் அண்டாவிலோ மேசையிலோ.
2. பிந்தி வந்தது, ஆறியிருக்கிறது, மூடியின் உள்பக்கம் நீர்த்துளி, சோறு நசநசவென்று. கட்டி ரொம்ப நேரமாகிவிட்டது. வண்டிக்காகக் காத்திருந்தது, அல்லது வண்டி வழியில் சுற்றியது.
3. ஆப்பில் “எடுத்துக்கொண்டார்” என்று காட்டிய நேரம். ஆர்டர் போட்டதிலிருந்து அதுவரை ஒன்றரை மணி, அதன் பிறகு இருபது நிமிடம் என்றால் ரோட்டின் மேல் பழி போட வழியில்லை.

இரண்டாவது வகையில் உடம்பையும் பார்க்க வேண்டும். சமைத்த சோறு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்வரை பாக்டீரியா பெருகாது. அதற்குக் கீழே வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால் பெருகும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாதவை. அது உண்டாக்கும் வாந்தி நச்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. கட்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகி வெதுவெதுப்பாக வந்த பார்சலைச் சூடு பண்ணிச் சாப்பிட முயலாமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திரும்பக் கேட்பதே சரி.

## அறிவிப்பு எப்படி இருந்திருக்க வேண்டும்

மேலே உள்ள கணக்கை வைத்து அதே கடை எழுதக்கூடிய அறிவிப்பு இது:

“தீபாவளி அன்று மதியம் 1:20-க்குப் பிறகு ஆர்டர் கொடுத்த எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். அன்று எங்களிடம் இருந்தது 160 பார்சலுக்கான பிரியாணி. அது முடிந்ததும் ஆர்டரை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் 2:30 வரை வாங்கினோம். அடுத்த அண்டா மூன்று மணிக்குத்தான் தயாரானது. தாமதம் எங்கள் சமையலறையில் நடந்தது, டெலிவரி செய்தவர்கள் மேல் தவறில்லை. போனிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் கொடுத்தவர்களுக்கு யுபிஐ மூலம் முழுப் பணமும் நாளை இரவுக்குள் திரும்ப வரும். ஆப் வழியாக வாங்கியவர்கள் ஆப்பில் புகார் பதிந்தால் நாங்கள் மறுக்காமல் ஏற்றுக்கொள்வோம். கறி குறைவாக வந்தவர்கள் படம் அனுப்புங்கள். இனி பண்டிகை நாட்களில் முன்பதிவு முந்தைய நாள் இரவு 9 மணியோடு முடியும். அன்றைய இருப்பு தீர்ந்ததும் எல்லா ஆர்டரும் நிறுத்தப்படும்.”

முதல் அறிவிப்பு “சில ஆர்டர்கள்” என்றது. இது எந்த நேரத்துக்குப் பிறகு ஆர்டர் கொடுத்தவர்கள் என்று சொல்கிறது, ஆகவே படிப்பவருக்குத் தான் அதில் உண்டா என்று தெரிகிறது. முதலாவது “தாமதமாகின” என்று யாரும் செய்யாதது போல எழுதியது. இது “நிறுத்தாமல் வாங்கினோம்” என்கிறது. வாசலில் நின்று திட்டு வாங்கிய டெலிவரிப் பையன் மேல் பழி போகாமல் பார்த்துக்கொள்கிறது. மற்றது எதுவும் இல்லாவிட்டாலும் இந்த ஒரு வரி கண்டிப்பாக வேண்டும். கூப்பன் கொடுப்பதாக இது சொல்லவில்லை என்பதையும் கவனிக்கலாம். பணம் திரும்பி வரும் முன் “அடுத்த ஆர்டருக்கு 20 சதவீதம் தள்ளுபடி” என்று எழுதினால், கோபத்தில் இருப்பவரிடம் மறுபடி வியாபாரம் பேசுவது போலத்தான் படும்.

## பணம் திரும்பி வராவிட்டால்

நேரடியாகக் கடைக்குப் பணம் அனுப்பியவர் முதலில் யுபிஐ பரிவர்த்தனை எண், ஆர்டர் உறுதியான செய்தி, பார்சல் வந்த நேரம் மூன்றையும் எடுத்து வைத்துக் கடையிடமே கேட்க வேண்டும். ஆப்பில் வாங்கியவர் ஆப்பின் புகார்ப் பகுதியில் பதிய வேண்டும். பணம் அதன் கையில் போனதால் கடைக்காரர் நினைத்தாலும் நேரே திருப்பி விட முடியாமல் போகலாம். இரண்டு இடத்திலும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பணம் வாங்கிக்கொண்டு சேவையில் குறை வைப்பது புகாருக்கு உரிய விஷயம். பார்சல் கட்டும் முன்பே ரத்து செய்யக் கேட்டும் “சமையல் தொடங்கிவிட்டது” என்று மறுத்திருந்தால், அந்த உரையாடலின் நேரத்தையும் “எடுத்துக்கொண்டார்” நேரத்தையும் சேர்த்துக் கொடுப்பது புகாருக்குப் பலம் சேர்க்கும்.